இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

தொப்பூர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கணவாய்ச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகள்தான். சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையிடுக்கில் இறங்கும் அந்தச் சில கிலோமீட்டர்கள் எத்தனையோ முறை தலைப்புச் செய்தி ஆகியிருக்கின்றன. விபத்து நடந்த மறுநாள் இறந்தவர்களின் எண்ணிக்கை பத்திரிகையில் வந்துவிடும். முதுகெலும்பு முறிந்து உயிரோடு மீட்கப்பட்டவர் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பது எந்தப் பக்கத்திலும் வராது.

தண்டுவடம் சேதமடைய நெடுஞ்சாலை விபத்துதான் வேண்டும் என்பதில்லை. தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே சாரத்திலிருந்து விழுகிறவர்கள் உண்டு. ஊரிலேயே புளி உலுக்க மரமேறி விழுகிறவர்களும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் தவறுகிறவர்களும் உண்டு. இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முதன்மையான இரண்டு காரணங்கள் உயரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்துமே. இரண்டுக்கும் இந்தப் பகுதியில் குறைவில்லை.

விழுந்தவரை 108 வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அறுவை நடக்கிறது, எலும்பைக் கம்பியும் திருகும் வைத்து நிறுத்துகிறார்கள். சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் முதுகைக் கவனிக்கவும், சிறுநீர்ப்பையைக் கவனிக்கவும், உடற்பயிற்சி செய்யவும் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி இருக்கும். எப்படிக் கவனிப்பது என்று காட்டிக்கொடுக்க அந்த வார்டில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது. மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால், உட்கார முடியாத ஒருவரைப் பேருந்தில் ஏற்ற முடியாது. வாடகைக்குக் கார் பிடிக்க வேண்டும், கூடப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இரண்டாவது முறை போவார்கள். மூன்றாவது முறை பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்படி வீட்டுக்கு வந்தவர்களின் உயிரை நம் நாடு போன்ற இடங்களில் எடுப்பவை பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: படுக்கைப் புண் வழியாக இரத்தத்தில் ஏறும் கிருமி, சிறுநீர்ப் பாதை வழியாகச் சிறுநீரகம் வரை ஏறும் கிருமி. இரண்டையும் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒரு நாளில் பல தடவையும், யாராவது சில வேலைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். அந்த யாராவது மருத்துவமனையில் இருக்க முடியாது. அவர் அந்த வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். கிராமத்துக்கு வரும் மறுவாழ்வுப் பணியாளரின் வேலை அந்த ஆளை உருவாக்குவது. வீடு தேடி வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறவர் என்று அவரை நினைத்தால் இந்தத் துறையைப் பாதிதான் புரிந்துகொண்டதாகும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை தண்டுவடம் அறுந்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் இவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. சிறுநீர்ப்பையை ஒழுங்காக, சுத்தமாக வடிக்க வேண்டும் என்பது அடுத்தது. புதிய அறுவை முறை எதையும் விட இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்குதான் அவருடைய நோயாளிகளைப் பல்லாண்டுகள் வாழவைத்தது. இதில் பெரும்பகுதி வார்டு ஊழியர் செய்தது. அப்படியானால் ஒரு மனைவியோ தாயோ அண்ணனோ கற்றுக்கொள்ளக்கூடியதும்தான்.

அந்த எண்ணத்தை உலக அளவில் ஒரு திட்டமாக்கியவர்களில் இலங்கையைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் பத்மனி மெண்டிஸ் ஒருவர். 1978இல் அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை ஊருக்குள் கொண்டுபோகச் சொன்னது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்துக்காக ஐனார் ஹெலாண்டர், மெண்டிஸ், குனல் நெல்சன் மூவரும் ஒரு பயிற்சிக் கையேட்டின் முதல் வடிவத்தை எழுதினார்கள். பல நாடுகளில் சோதித்துத் திருத்தி, 1989இல் அது முழு வடிவில் வந்தது. அந்தக் கையேட்டின் ஏற்பாடு எளிமையானது. மாற்றுத்திறனாளியின் வீட்டில் ஒருவரைப் பயிற்சியாளராக்க வேண்டும். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். மேற்பார்வையாளருக்கு முடியாதபோது அனுப்பிவைக்க மேலே ஒரு மருத்துவமனை இருக்க வேண்டும். கையேட்டின் பகுதிகள் நோயின் பெயரால் பிரிக்கப்படவில்லை. பார்க்கச் சிரமப்படுகிறவர், நடமாடச் சிரமப்படுகிறவர், கை கால்களில் உணர்ச்சி இல்லாதவர் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் அடையாளத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. எங்கே எதைத் தேடுவது என்று பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்கும் புரிந்தது.

தமிழ்நாட்டில் தண்டுவடக் காயத்துக்கு மறுவாழ்வு என்று ஒன்று உண்டு என்பதைக் காட்டியவர்கள் இருவர், இருவருமே அந்தக் காயத்தைச் சுமந்தவர்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவரால்தான். இன்னொருவர் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படைத் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தார். 1981இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். ஆய்க்குடி வளாகத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் தங்கிப் பயிலும் நிலையம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தே ஆட்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அண்மைக் காலமாக அந்தக் களப்பணியாளர்கள் ஒரு கைபேசிச் செயலியில் குறிப்புகளைப் பதிய, நிபுணர்கள் தொலைவிலிருந்து பார்த்து யோசனை சொல்கிறார்கள்.

அப்படி ஒரு பணியாளர் தொப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போவது தனி ஒருவரின் கதை அன்று. இத்தகைய வீடுகளில் வழக்கமாக நடப்பவற்றைக் கோத்து அமைத்தது. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர், அதில் ஒரு தொகுப்பு வீடு. முப்பத்திரண்டு வயதுக்காரர், பெங்களூரில் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். காயம் மார்பு முள்ளெலும்புகளில் கடைசியான பன்னிரண்டாவதில். கைகளும் மார்பும் நன்றாக இருக்கின்றன. கால்களில் அசைவும் உணர்ச்சியும் இல்லை, சிறுநீர், மலக் கட்டுப்பாடு இல்லை. சிறுநீர் டியூபும் பையுமாக வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மனைவி காட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாமியாருக்கு மூட்டு வலி. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

பணியாளர் காலை ஆட்டிப் பார்த்து, எப்போது நடப்பார் என்று சொல்வார் என்றுதான் வீட்டார் எதிர்பார்க்கிறார்கள். பணியாளர் முதல் நாள் காலைத் தொடுவதற்கு முன் போர்வையை விலக்கச் சொல்கிறார். அவரைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்புக்கு நடுவே முதுகு முடியும் இடம், இரண்டு பக்க இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால் என்று எலும்பு தோலுக்கு அருகில் வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நாம் தூங்கும்போதுகூட நமக்குத் தெரியாமல் புரண்டுகொண்டே இருக்கிறோம். உடம்பு வலித்து நம்மைப் புரட்டுகிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போகாதவர் அப்படியே கிடப்பார். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு இரத்தம் போகாது. முதலில் சாவது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழச் சதை. தோலில் சிறு புண் தெரியும்போது உள்ளே ஒரு குழியே இருக்கக்கூடும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் தோல் சிவக்கிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. நம் ஊர்க் கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு தெரியாது. தெரியவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டால் ஆபத்து. பணியாளர் மனைவியின் கையைப் பிடித்து, புறங்கையை அந்த இடத்தில் வைக்கிறார்.

“அக்கா, இந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க. இப்ப அந்தப் பக்கம். எது சூடா இருக்குது?”

“இதுதான் கொஞ்சம் கதகதன்னு இருக்குதுங்க.”

“அழுத்திப் பாருங்க. கெட்டியா இருக்குதா?”

சுற்றியுள்ள தோலைவிட அங்கே நிறம் கூடுதலாகக் கறுத்தோ ஊதா படிந்தோ இருந்தால், சூடாக இருந்தால், சதை இறுகியோ கொழகொழத்தோ இருந்தால், அந்த இடத்தில் படுப்பதை உடனே நிறுத்த வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். காலையும் மாலையும் இந்தச் சோதனையை மனைவி செய்ய வேண்டும். கணவரின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தால் நாளடைவில் தன் பின்புறத்தைத் தானே பார்த்துக்கொள்வார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள் என்று சொல்வது எளிது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஒரு பெண் எத்தனை நாள் எழுந்திருப்பாள்? இரண்டாவது வாரமே அசந்து தூங்கிவிடுவாள், அதற்காகக் குற்ற உணர்வும் படுவாள். அனுபவமுள்ள பணியாளர் இங்கேதான் கைகொடுக்கிறார். குப்புறப் படுத்தால் பின்பக்கத்து எலும்புகள் எதன் மீதும் பாரம் விழுவதில்லை. மருத்துவரிடம் கேட்டு, முதுகெலும்பு அதைத் தாங்கும் என்று உறுதியான பிறகு, முதலில் அரை மணி நேரம் குப்புறப் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். மார்புக்கும் தொடைக்கும் கீழே தலையணைகளை வைத்து, முழங்கால் முட்டியும் கால் விரல்களும் படுக்கையில் அழுந்தாமல் இடைவெளி விட வேண்டும். எழுந்ததும் தோலைப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் அடுத்த நாள் இன்னும் அரை மணி நேரம். இப்படிச் சில வாரங்களில் இரவின் பெரும்பகுதியைக் குப்புறப் படுத்தே கழிக்கப் பலருக்கும் முடிகிறது. கட்டிலின் பக்கச் சட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால், கைகளில் வலுவுள்ள இவர் தானே இழுத்துப் புரளவும் கற்றுக்கொள்வார். மனைவிக்குத் தூக்கம் திரும்பக் கிடைக்கிறது. ஓர் ஏற்பாடு நீடிக்க வேண்டுமானால் அந்தத் தூக்கமும் கணக்கில் வர வேண்டும்.

அடுத்தது சிறுநீர். உள்ளேயே விட்டுவைத்த டியூப் வாரக்கணக்கில் கிடந்தால் கிருமி தங்கும், கல் சேரும், அடைத்துக்கொள்ளும். வீட்டார் பையைக் காலி செய்யும் வேலையைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் காட்டினார். சிறுநீர்ப்பையை அவ்வப்போது மெல்லிய டியூபால் வடித்துவிட்டு டியூபை எடுத்துவிடலாம், அதற்கு அறுவை அரங்கத்துச் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கையும் கழுவிய டியூபும் போதும் என்றார். சிறுநீர்ப்பை நிரம்பி விரிந்துபோவதுதான் கிருமிக்கு இடம் கொடுக்கிறது, எனவே சுத்தத்தைவிட நேரம் தவறாமை முக்கியம் என்பது அவர் வாதம். கிராமத்து வீட்டில் இதைச் செய்ய முடிவது அந்தக் கண்டுபிடிப்பால்தான்.

இந்த முறைக்கு மாற்றலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். சிறுநீரகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும், இரத்தம் சோதிக்க வேண்டும். பணியாளர் அந்த ஒரு நாளுக்கு அவர்களோடு மருத்துவமனைக்குப் போவார். திரும்பிய பின் ஒரு பள்ளி நோட்டில் கோடு போட்டுக் கொடுப்பார். ஒரு பக்கம் எத்தனை தம்ளர் குடித்தார், மறுபக்கம் எத்தனை மில்லி வடிந்தது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஐந்து முறை. நாளுக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு நீர், பெரும்பங்கு மாலைக்குள். ஒரு வேளைக்கு 400, 450 மில்லி என்று வந்தால் சரி. 500ஐத் தாண்டி 600, 700 என்று வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது இரவு குடிக்கும் நீரைப் பார்க்க வேண்டும். நான்கு நாள் கணக்கைப் பார்த்தாலே அந்த உடம்பின் தாளம் தெரிந்துவிடும். கலங்கல், நாற்றம், காய்ச்சல், காலில் வழக்கத்துக்கு மீறிய இழுப்பு ஆகியவை கிருமியின் அடையாளம். காய்ச்சலும் குளிரும் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் ஒரு தடை இருக்கிறது, திட்ட அறிக்கைகள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. களப்பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதுவும் இளவயது ஆண்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், ஓர் ஆணுக்குச் சிறுநீர் டியூப் போடுவதையும் மலம் வெளியேற்றும் முறையையும் சொல்லிக்கொடுப்பது இருவருக்கும் சங்கடம், ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் உண்டு. விளைவு, பணியாளர் காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உயிரைக் காக்கும் பாடம் சொல்லப்படாமலே போகும். இதற்கு நான் அறிந்தவரை நல்ல விடை ஒன்றுதான். அதே காயமுள்ள, சில ஆண்டுகளாக நன்றாக வாழும் ஓர் ஆணைக் கூட்டிவருவது. அவர் சக்கர நாற்காலியில் வந்து, பையிலிருந்து தன் டியூபை எடுத்து, தான் எப்படிச் செய்கிறேன் என்று காட்டிவிட்டால், அரை மணி நேரத்தில் கூச்சம் போய்விடும். நடக்க முடியுமா என்ற கேள்விக்கும் அவர் வாயால் வரும் பதிலை மட்டுமே இவர் நம்புவார். மேரி வர்கீஸும் ராமகிருஷ்ணனும் நோயாளிகளுக்குக் கொடுத்தவற்றில் இது பெரிய பங்கு.

சக்கர நாற்காலி முகாமில் கிடைக்கும், பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே அளவில். நம் ஆளின் இடுப்பு அகலம் பதினைந்து அங்குலம், நாற்காலி பதினெட்டு. உட்கார்ந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் ஒரே புட்ட எலும்பின் மேல் முழுப் பாரமும் இறங்கும், அந்த இடத்தில் புண் வரும். அளவு பொருந்தாத நாற்காலி இப்படி நோயைக் கொடுக்கிறது. பணியாளர் இரண்டு பக்கமும் இறுக்கமான பஞ்சுத் துண்டுகளை வைத்து இடைவெளியை அடைக்கிறார். அடியில் கெட்டியான நுரைமெத்தை வைக்கிறார். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை வைக்க வேண்டாம் என்கிறார், அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். உட்காரும்போது கைகளை ஊன்றிப் புட்டத்தைத் தூக்கச் சொல்வது பழைய வழக்கம். சதைக்குள் இரத்தம் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும் என்று பின்னர் அளந்து கண்டார்கள். அவ்வளவு நேரம் யாரும் கையை ஊன்றித் தூக்கி நிற்க முடியாது. முன்னால் குனிந்து மார்பைத் தொடையில் சாய்ப்பதை இரண்டு நிமிடம் செய்ய முடியும், எனவே இப்போது அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாசலில் இரண்டு படி, மொத்தம் பதினாறு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. பதினாறு அடி வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒன்பது அடிதான் இருக்கிறது. ஒன்பது அடிக்குள் கட்டினால் மேலே ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும். சுவரை ஒட்டித் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை வாங்குவதும் பணியாளரின் வேலைதான். பல வீடுகளில் மாதக்கணக்கில் இழுப்பது மருத்துவம் அன்று, இந்த ஏழு அடி.

நான்காவது மாதம் இவருக்கு வலது புட்டத்தில் புண் வருகிறது. மனைவி இரவுத் தூக்கத்தைக் காரணம் சொல்லி அழுகிறார். பணியாளர் கடந்த வாரத்தை நாள் நாளாகக் கேட்டு வாங்குகிறார். மூன்று நாள் முன்பு இயலாமைச் சான்றிதழுக்காக முகாமுக்குப் போயிருக்கிறார்கள். போகும்போது ஒன்றரை மணி நேரம் ஆட்டோ, அங்கே இரும்பு பெஞ்சில் மூன்று மணி நேரம், திரும்பும்போது மறுபடி ஆட்டோ. மெத்தையை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அந்தத் தொகையை வாங்கப் போன பயணமே இரண்டு மாதப் படுக்கையைக் கொடுத்துவிட்டது. இனி அந்தப் புண் ஆறும்வரை உட்காரவே கூடாது. பணியாளர் சுத்தமான பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் பிடித்து ஓரத்தை வரைந்து தேதி போட்டு வைக்கிறார். அடுத்த வாரம் மறுபடி வரைவார். இரண்டு வாரத்தில் கோடு உள்ளே சுருங்காவிட்டாலோ, அதற்கு முன்பே கறுத்த சதை, நாற்றம், காய்ச்சல், எலும்பு தென்படுவது என்று எதைக் கண்டாலோ, கட்டுப் போட்டுக்கொண்டிருப்பதை விட்டு அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இத்தனையும் செய்தால் சாவு குறையுமா? பங்களாதேஷில் சாவரிலுள்ள முடக்குற்றோர் மறுவாழ்வு மையம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்தது. மையத்திலிருந்து வீடு திரும்பிய ஏறக்குறைய 400 தண்டுவடக் காயக்காரர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுகளில் 36 தொலைபேசி அழைப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கிடைத்தன. மறு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. முடிவு 2021இல் வந்தது. இரண்டு குழுக்களிலும் இறந்தவர்களின் அளவில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் இந்த முடிவை ஒதுக்கிவைக்கக் கூடாது என்பது என் கருத்து. இரு குழுவினரும் சாவரில் நன்றாகப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பயிற்சியே பெறாமல் வீடு வந்த ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு செய்தி அதில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அதைத் தொலைபேசியில் மறுபடி சொல்வதால் மட்டும் உயிர் தங்குவதில்லை. மெத்தையும் சத்தான உணவும் டியூபும் வாங்கப் பணம் இல்லை என்றால், புரட்ட வேண்டியவர் கூலிக்குப் போய்விட்டால், அறிவுரை அங்கேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் இன்று ஆட்கள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரும் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் வீடுகளுக்குப் போகிறார்கள். உலக வங்கிக் கடனுதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்கென்று நடக்கும் உரிமைகள் திட்டம் களப்பணியாளர்களை அமர்த்தி, ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்து வருகிறது. இவர்களின் வேலையை வருகைகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பதுதான் எளிதாக இருக்கும், அப்படி அளந்தால் மலையடிவாரத்து வீடுகளைவிடச் சாலையோர வீடுகளுக்கே வருகை கூடும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் வீட்டில் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். போன முறை பார்த்ததிலிருந்து இன்றுவரை புண் வந்ததா? நேற்று எத்தனை முறை சிறுநீர் வடிக்கப்பட்டது? பணியாளர் கையை நீட்டாமல், வீட்டாரே இப்போது செய்துகாட்ட முடிகிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வரும்வரை அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது போக வேண்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அந்த நேரத்தை அடுத்து மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவருக்குக் கொடுக்கலாம்.

அவர் திரும்புகிறார் என்பதை அறியத்தான் இப்போது வழியில்லை. அறுவை நடந்த வார்டு அனுப்பும் அதே நாளில் அந்த வட்டாரத்து இயன்முறை மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். பெயர், ஊர், காயத்தின் இடம், உள்ளே டியூப் இருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா என்று சொன்னால் போதும். வீடு திரும்பிய முதல் வாரத்துக்குள் பணியாளர் போய்விட்டால் முதுகு பெரும்பாலும் இன்னும் முழுதாக இருக்கும். மூன்று மாதம் கழித்து ஊர்க்காரர் யாரோ சொல்லித் தெரிந்து போகும்போது, அவர் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் வேறாகிவிடும்: ஆழமான புண்ணை எப்படிக் கழுவிக் கட்டுவது என்பது.